மறைந்த பிறகும் கூட்டத்துக்கு வந்த அண்ணன்

கிருஷ்ணகிரியில் ஜூன் மாதம் என்றால் மாம்பழம். பெங்களூரா ரகம் வந்து இறங்கும் காலத்தில் கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டி நிற்கும். எங்கள் வங்கிக் கிளையில் நடப்புக் கணக்குகள் என் மேஜைக்குத்தான் வரும் என்பதால், அந்த இரண்டு மாதம் எனக்கும் சீசன்தான். விவசாயிகளுக்குப் பட்டுவாடா, பெட்டி வாங்கியதற்கு ஆர்டிஜிஎஸ், டிரம் வாங்கியதற்குச் செக் என்று கணக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் 11-ஆம் தேதி காலை, ஒரு கூழ் ஆலையின் உரிமையாளர் உள்ளே வந்தார். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அண்ணன், தம்பி இருவர்தான் இயக்குநர்கள். வந்தவர் தம்பி. எட்டு வருடப் பழக்கம். நெற்றியில் திருநீறு, முகத்தில் நாலு நாள் தாடி. உட்காராமலேயே ஒரு கவரை நீட்டினார்.

"மேடம், இனிமே நான் ஒருத்தனே கையெழுத்துப் போடுற மாதிரி மாத்திக் கொடுத்துடுங்க. விவசாயிங்க கேட்டு முன்னாடி நிக்கிறாங்க."

கவருக்குள் மூன்று தாள். கம்பெனி லெட்டர்பேடில் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகல், அதாவது நாம் போர்டு ரெசல்யூஷன் என்று சொல்வது. அடுத்து, கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவர்களின் பட்டியல். மூன்றாவது, ஒரு வேண்டுகோள் கடிதம். அதுவரை அந்தக் கணக்கில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும்.

தீர்மானம் பார்க்க அருமையாக இருந்தது. லெட்டர்பேடில் கம்பெனியின் அடையாள எண் இருந்தது. நான் எப்போதும் அதை எண்ணிப் பார்ப்பேன், 21 எழுத்து வர வேண்டும். வந்தது. கூட்டம் நடந்த தேதி ஜூன் 9, இடம் பதிவு அலுவலகம், வந்திருந்தவர்கள் இரண்டு இயக்குநர்கள், இருவரின் பெயரும் டின் என்னும் இயக்குநர் அடையாள எண்ணும் அச்சிட்டிருந்தது. கீழே "உண்மை நகல்" என்று தம்பியின் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும்.

எனக்குச் சுருக்கென்றது அந்த "வந்திருந்தவர்கள்" வரியில்தான். முந்தின நாள் காலை பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்திருந்தேன். பெரிய மீசை, பூமாலை, கீழே தோற்றம், மறைவு. மறைவு ஜூன் 6. அந்த அண்ணன்தான்.

இறந்து மூன்று நாள் கழித்து அவர் கூட்டத்துக்கு வந்து, தன் தம்பிக்குத் தனி அதிகாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தம்பியை நான் சந்தேகப்படவில்லை. காகிதம் எப்படி உருவானது என்று எனக்குத் தெரியும். ஆடிட்டர் ஆபீஸில் ஒரு பழைய தீர்மானத்தின் ஃபைலைத் திறந்து, தேதியையும் பொருளையும் மட்டும் மாற்றி, மேலே இருக்கும் பெயர்களைத் தொடாமல் பிரிண்ட் எடுத்திருப்பார்கள். தம்பியும் துக்க வீட்டு அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். கேட்டேன். அப்படியே.

"சரி மேடம், அண்ணன் பேரை எடுத்துட்டு வேற அடிச்சுட்டு வர்றேன். நான் மட்டும் வந்திருந்தேன்னு போட்டுக்கலாம்."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், எங்கள் பக்கத்திலும். பெயரை எடுத்துவிட்டால் பொய் போய்விடும். ஆனால் தீர்மானமும் கூடவே போய்விடும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 174-ஆவது பிரிவு குழுக் கூட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை வைத்திருக்கிறது. மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அது. ஆக, எவ்வளவு சின்னக் கம்பெனியாக இருந்தாலும் இரண்டு பேருக்குக் குறைந்து கூட்டம் கிடையாது. (ஒரு நபர் கம்பெனி என்று தனியாக ஒன்று உண்டு, அதற்கு விதி வேறு.) ஒருவர் மட்டும் உட்கார்ந்து தன்னையே தனிக் கையொப்பக்காரராக நியமித்துக்கொள்ளும் தாளுக்குச் சட்டத்தில் தீர்மானம் என்று பெயரில்லை.

அவர் ஆடிட்டருக்குப் போன் போட்டார். ஆடிட்டர் கெட்டிக்காரர், உடனே ஒரு வழி சொன்னார்: கூட்டம் வேண்டாம், சுற்றுக்கு விட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாமே, 175-ஆவது பிரிவு அனுமதிக்கிறதே. உண்மைதான். வரைவை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பிப் பெரும்பான்மையோர் சம்மதித்தால் அதுவும் தீர்மானம்தான். "யாருக்கு சார் சுற்றுக்கு விடுவீங்க?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

நல்லவேளையாக அதே 174-ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு வழியையும் சொல்கிறது. இயக்குநர் எண்ணிக்கை குறைந்துபோனால், மீதி இருப்பவர் இரண்டே காரியத்துக்குச் செயல்படலாம். ஒன்று, எண்ணிக்கையைச் சரிசெய்ய இன்னொரு இயக்குநரைச் சேர்ப்பது. இல்லாவிட்டால் பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தைக் கூட்டுவது. வேறு எதற்கும் கூடாது என்று சட்டமே வாய்விட்டுச் சொல்கிறது. வங்கிக் கணக்கு அந்த "வேறு எதற்கும்" என்பதில் அடங்கிவிடும். எனவே முதலில் இன்னொரு இயக்குநர், பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு கூட்டம், அதில் கணக்குக்கான தீர்மானம். இந்த வரிசையை மாற்ற முடியாது.

தம்பிக்கு எரிச்சல்தான். சொந்தக் காசு கணக்கில் கிடக்க, வாசலில் விவசாயி நிற்க, நான் உட்பிரிவு பேசினால் யாருக்குத்தான் வராது.

அப்புறம் அவர் பையிலிருந்து எடுத்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலையாக இருந்தது. ஒரு செக் புத்தகம். அதில் ஏழு காலிச் செக்குகளில் அண்ணனின் கையெழுத்து மட்டும் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது. அண்ணன் அடிக்கடி சித்தூர் பக்கம் போய்விடுவாராம், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று போட்டு வைத்தது. "இதுல நானும் போட்டுக் குடுத்துடட்டுமா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதற்கு நேர்மாறான ஒன்றை அதே நாளில் நான் அனுமதித்தேன். ஜூன் 4, 5 தேதியிட்டு இருவரும் கையெழுத்திட்ட நாலு செக்குகள் அன்று கிளியரிங்கில் வந்திருந்தன. அவற்றைப் பாஸ் செய்தேன். கணக்கு வைத்திருப்பது கம்பெனி, அண்ணன் இல்லை. கம்பெனி சாகவில்லை. அதிகாரம் இருந்த நாளில் அவர் கம்பெனிக்காக எழுதிக் கொடுத்த செக், அவர் போன பிறகும் கம்பெனியின் செக்தான். தனிமனிதரின் சேமிப்புக் கணக்கில் கணக்குதாரர் இறந்த செய்தி வந்ததும் செக்கை நிறுத்துவோமே, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த நாலு செக்கும் இறப்புக்கு முன்பே கை மாறியவைதானா என்று தம்பியிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். ஏழு காலிச் செக்குகளின் கதை வேறு. தேதி, தொகை, பெயர் எல்லாவற்றையும் இனிமேல்தான் எழுதப்போகிறார்கள். எழுதும் நாளில் அந்த அதிகாரம் உயிரோடு இல்லை. ஏழையும் வாங்கி, குறுக்கே கோடு போட்டு ரத்து செய்து, எண்களை அவர் கடிதத்திலேயே எழுதி வாங்கினேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஏதோ விட்டுப்போனது போல ஒரு உறுத்தல். மறுநாள் காலை கணக்கின் பரிவர்த்தனைகளைத் திறந்தேன். ஜூன் 8-ஆம் தேதி நெட் பேங்கிங் வழியாக 3,80,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டிஜிஎஸ் போயிருந்தது. கம்பெனிக் கணக்கில் ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பார். பதிவு செய்தது கணக்காளர். ஒப்புதல் கொடுத்தது அண்ணனின் பயனர் பெயர்.

காரணம் சாதாரணம். அண்ணனின் போன் ஆபீஸ் மேஜையில்தான் இருந்தது, அதில் ஓடிபி வந்தது, பாஸ்வேர்டு கணக்காளருக்கு ஏற்கெனவே தெரியும். பணம் போனதும் நிஜமான ஒரு மண்டிக்காரருக்குத்தான், யாரும் திருடவில்லை. ஆனால் வேறு யார் கையில் அந்தப் போன் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். போஸ்டர் பார்த்து, தீர்மானத்தைத் திருப்பி, செக்குகளை ரத்து செய்த நான், அந்தப் பயனர் பெயரை முடக்க மறந்திருந்தேன். உடனே முடக்கி, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அன்றிலிருந்து கையொப்பக்காரர் ஒருவர் விலகினார், இறந்தார் என்று கேள்விப்பட்டால் நான் முதலில் தொடுவது நெட் பேங்கிங்கைத்தான். மாதிரிக் கையொப்ப அட்டை அடுத்ததுதான். காகிதத்தில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும், ஓடிபிக்குப் போன் போதும்.

எங்கள் கிளையில் இதைப் பற்றி ஒரு விவாதமும் நடந்தது. சீனியர் ஒருவர் சொன்னார், "கம்பெனி உண்மை நகல்னு முத்திரை போட்டுக் கொடுத்தா நமக்குப் போதும்மா. உள்ளே கூட்டம் ஒழுங்கா நடந்துச்சான்னு வெளியாள் துருவத் தேவையில்ல." அவர் சொல்வது வெறும் சோம்பேறித்தனம் இல்லை. 1856-இல் இங்கிலாந்தில் வந்த டர்குவாண்ட் வழக்கின் தீர்ப்பிலிருந்து வரும் கோட்பாடு அது, நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டதுதான். வெளியில் இருப்பவர் உள் நடைமுறைகள் சரியாக நடந்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு நல்லெண்ணத்தோடு இருப்பவருக்குத்தான். குறை தெரிந்தவருக்கும், சந்தேகப்படக் காரணம் கண் முன் இருந்தும் விசாரிக்காதவருக்கும் கிடைக்காது. போஸ்டரைப் பார்த்த பிறகு நான் எதையும் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

சரி, போஸ்டர் கண்ணில் படாமலிருந்தால்? மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் கம்பெனியின் விவரத்தைத் திறந்து, தீர்மானத்தில் உள்ள இயக்குநர் பெயர், டின் எண், சேர்ந்த தேதி எல்லாவற்றையும் ஒத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று பார்த்திருந்தால் எல்லாம் கச்சிதமாக ஒத்துப்போயிருக்கும். அண்ணன் அங்கே இன்னும் இயக்குநராகவே இருந்தார். இயக்குநர் சேர்ந்தாலோ நீங்கினாலோ கம்பெனி DIR-12 படிவம் தாக்கல் செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளில் தளம் பழைய உலகத்தைத்தான் காட்டும். இதன் மறுபக்கமும் உண்டு. ராஜினாமா செய்துவிட்டவர், கம்பெனி படிவம் போடாததால் தளத்தில் வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருப்பார். தளத்தில் பெயர் இல்லாதவர் கையெழுத்தோடு வந்தால் நிறுத்த வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தளத்தில் இருக்கிறார் என்பதோடு வேலை முடியாது.

அதனால் நான் இப்போதெல்லாம் ஒரு சின்ன வேலை செய்கிறேன். கையொப்ப முறையில் மாற்றம் கேட்டு வந்தால், தீர்மானத்தில் "வந்திருந்தவர்கள்" என்று குறிப்பிட்ட ஒவ்வொருவருக்கும், எங்கள் பதிவேட்டில் பழைய நாளிலிருந்து இருக்கும் எண்ணில், நானே போன் செய்வேன். கொண்டுவந்த கடிதத்தில் இருக்கும் எண்ணில் இல்லை. முக்கியமாக, அதிகாரம் இழப்பவருக்கு. அதிகாரம் பெறுபவர் எப்படியும் என் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். தர்மபுரியில் நான் வேலை பார்த்த காலத்தில் மூன்று இயக்குநர்கள் உள்ள ஒரு கம்பெனியில் இப்படி நீக்கப்பட்டவருக்குப் போன் போட்டபோது, "நான் எங்க கூட்டத்துக்குப் போனேன், எனக்கு நோட்டீஸே வரலையே" என்று அரை மணி நேரத்தில் கிளைக்கு வந்து நின்றார். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு எல்லா இயக்குநருக்கும் போயிருக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தின் உண்மை நகலில் சான்றொப்பமிட்டவரும், அதனால் தனி அதிகாரம் பெறுபவரும் ஒரே ஆள். தனக்குத்தானே நற்சான்று. அதிலிருந்து, கம்பெனிச் செயலர் இல்லாத சின்னக் கம்பெனிகளில், பலன் பெறாத இன்னொரு இயக்குநர் சான்றளிக்க வேண்டும், அப்படி ஆள் இல்லையென்றால் இயக்குநர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்பேன். சட்டம் இப்படிக் கட்டாயப்படுத்தவில்லை, நான் வைத்துக்கொண்ட வழக்கம்.

கூழ் ஆலைக்கு வருகிறேன். யாரை இயக்குநராகச் சேர்ப்பது என்பதில் வீட்டுக்குள் ஏதோ பேச்சு நடந்தது, அதில் வங்கிக்கு வேலையில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் படிப்பை முடித்திருந்த அண்ணன் மகள் என்று முடிவானது. அவருக்கு டிஜிட்டல் கையொப்பம், டின் எண், சம்மதக் கடிதம் எல்லாம் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. நான் சொன்னது ஒன்றுதான்: அவரைச் சேர்க்கும் தாளில், 174-இன் இரண்டாவது உட்பிரிவின்படி எண்ணிக்கையை நிரப்ப மட்டும் செயல்படுகிறேன் என்று தம்பி தெளிவாக எழுதட்டும், அதில் வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. கூடுதல் இயக்குநரைச் சேர்க்கக் கம்பெனியின் சங்க விதிகளில் அதிகாரம் இருக்கிறதா என்று ஆடிட்டர் பார்த்துக்கொண்டார், இருந்தது. அண்ணனின் நீக்கமும் மகளின் நியமனமும் ஒரே DIR-12-இல் போயின. இடைப்பட்ட நாட்களில் தம்பி தன் சொந்த சேமிப்புக் கணக்கிலிருந்து விவசாயிகளுக்குக் கொடுத்தார். இயக்குநர் கம்பெனிக்குத் தந்த கடனாக ஆடிட்டர் எழுதிக்கொண்டார். கஷ்டம்தான், ஆனால் ஆலை நிற்கவில்லை. வரவு வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லாததால் ஏற்றுமதிக்காரர்களிடமிருந்து வர வேண்டிய பணம் வந்துகொண்டுதான் இருந்தது.

ஜூன் 29-ஆம் தேதி இருவரும் சேர்ந்து வந்தார்கள். புதுத் தீர்மானம் நன்றாக எழுதியிருந்தது. முந்தைய தீர்மானம் ரத்தாகிறது என்று தேதியோடு ஒரு வரி. இது இல்லாவிட்டால் பழையதும் புதியதும் சேர்ந்தே உயிரோடு இருக்கின்றனவா என்று பிறகு வாக்குவாதம் வரும். செக்குக்கு இருவரும் சேர்ந்து. நெட் பேங்கிங்கில் பதிவு செய்பவர் யார், ஒப்புதல் தருபவர் யார் என்று தனித்தனியாக. நிறையப் பேர் "கணக்கை இயக்க" என்று மொட்டையாக எழுதிவிட்டு அதில் கடன் வாங்குவதும் அடங்கும் என்று நினைப்பார்கள். அடங்காது. கடனுக்குத் தனித் தீர்மானம் வேண்டும், அதுவும் கூட்டத்தில்தான், சுற்றுக்கு விட்டு அல்ல. இவர்கள் அதைக் கலக்காமல் விட்டிருந்தார்கள்.

எல்லாம் சரி என்று பட்டியலை எடுத்தேன். அதில் மூன்று பெயர்.

மூன்றாவது அந்தக் கணக்காளர், "50,000 ரூபாய் வரை தனியாக". தீர்மானத்தை மறுபடி மேலிருந்து கீழ் படித்தேன். அதில் அவர் பெயரே இல்லை. பட்டியல் தனித் தாளாக இருப்பதால் அதற்குத் தனி அதிகாரம் இருப்பது போலத் தோன்றும். தீர்மானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அது நிற்கிறது. தீர்மானத்தில் இல்லாத பெயரோ, தொகையோ, முறையோ பட்டியலில் வந்தால் அது செல்லாது. என் கையில் வரும் பிழைகளில் அதிகமானது இதுதான். பெயர் இரண்டிலும் இருந்தாலும் ஒன்றில் "தனியாக" மற்றொன்றில் "சேர்ந்து" என்றிருக்கும், அல்லது வரம்பு ஒன்றில் ஐந்து லட்சம், மற்றொன்றில் ஐம்பதாயிரம். வசதிக்குச் சேர்த்ததாகத் தம்பி சொன்னார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வேண்டுமானால் கூட்டத்தில் தீர்மானித்துக் கொண்டு வாருங்கள் என்றேன். "வேணாம் மேடம், எடுத்துடுங்க" என்றார் அந்தப் பெண். வெள்ளை மையால் அழிக்க விடவில்லை, மறுநாள் புதிதாக அடித்துக் கொண்டுவந்தார்கள்.

அண்ணனிடம் 60 சதவீதப் பங்குகள் இருந்தன. அவை வாரிசுகளுக்குப் போகும்போது, 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் யார் யார் என்ற உரிமையாளர் விவரத்தையும் எங்களிடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு குறிப்பை ஃபைலில் வைத்தேன், அது முடிய இன்னும் சில மாதம் ஆயிற்று.

புது மாதிரிக் கையொப்ப அட்டையில் அந்தப் பெண் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டும் ஒன்றுபோல இருந்தன, மூன்றாவதில் கடைசிச் சுழி வேறு பக்கம் போயிருந்தது. இன்னொரு அட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"தமிழ்ல போடலாமா மேடம்? அப்பா தமிழ்லதான் போடுவார்."

"தாராளமா. பான் கார்டுல எப்படி இருக்கு?"

பான் கார்டிலும் தமிழ்தான். மெதுவாக மூன்று முறை எழுதினார். பழைய அட்டையில் குறுக்கே ரத்து என்று முத்திரை குத்தி, தேதி போட்டு, அவர் பார்க்கும்போதே ஃபைலில் பின்னுக்குத் தள்ளினேன். வெளியே போகும்போதே தம்பி போனில் பேச ஆரம்பித்திருந்தார். சந்தூர்க்காரரை மதியம் வந்து செக்கை வாங்கிக்கச் சொல்லு, என்றார்.